தல், கை, ப்பு: தொழிற்பெயரை இனங்காணுதல் குறித்த கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளில் இலக்கணம் கற்பித்துவிட்டு, இப்போது தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வழிகாட்டி வரும் தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும் இவை.

தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்: ஐயா, கை என்று முடிந்தால் தொழிற்பெயர் என்று எழுதி வைத்திருக்கிறேன். வருகை, செய்கை, வாழ்க்கை எல்லாம் சரியாக வருகின்றன. ஆனால் மாதிரித் தேர்வில் ‘மங்கை’ என்பதைத் தேர்ந்தெடுத்துத் தவறிவிட்டேன். ஏன்?

தம்பி, உங்கள் குறிப்பில் பாதிதான் இருக்கிறது. விகுதி ஓர் அடையாளமே தவிரச் சான்று ஆகாது. விகுதியை நீக்கியபின் எஞ்சுவது உயிருள்ள வினையடியாக இருக்க வேண்டும். அதன் பொருளும் அந்தச் சொல்லில் தொடர வேண்டும். வருகையில் வருதல் இருக்கிறது, செய்கையில் செய்தல் இருக்கிறது. ‘மங்கை’யைப் பார்த்ததும் ‘மங்கு’ என்னும் வினையும், ‘தங்கை’யைப் பார்த்ததும் ‘தங்கு’ என்னும் வினையும் நினைவுக்கு வருவதுதான் வலை. ஒளி மங்குவதற்கும் மங்கைக்கும் தொடர்பில்லை; ஓரிடத்தில் தங்குவதற்கும் தங்கைக்கும் தொடர்பில்லை. வினாத்தாள் அமைப்பவர்கள் இத்தகைய சொற்களைத் தெரிந்தேதான் வைக்கிறார்கள்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. ‘வேட்கை’ என்பதில் கை நீங்கினால் ‘வேட்’ என்றே நிற்பதால், அப்படி ஒரு வினை இல்லையே என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அங்கே பகுதி, விரும்பு என்னும் பொருளுடைய ‘வேள்’. ளகரம் டகரமாகத் திரிந்திருக்கிறது. ஆகவே வேட்கை தொழிற்பெயரே. ஒலி ஒத்திருப்பதனால் ஏற்பதும், ஒலி திரிந்திருப்பதனால் தள்ளுவதும் ஒரே வகைப் பிழை என்பேன்.

தனியார் நிறுவன ஊழியர்: தொழிற்பெயர் என்றால் கொல்லர், தச்சர், தையற்காரர் போன்ற தொழில் செய்வோரின் பெயர்கள்தானே? இதில் தல், கை எங்கிருந்து வருகின்றன?

இல்லை. இங்கே தொழில் என்பது பிழைப்புக்குச் செய்யும் வேலை அன்று, வினையின் நிகழ்ச்சி. தையற்காரர் ஒரு மனிதரைக் குறிக்கும் பெயர். ‘தையல்’ என்பதுதான் தொழிற்பெயர்: தை என்னும் வினையோடு அல் சேர்ந்தது.

ஆசிரியர் பயிற்சி மாணவி: ஐயா, ‘பிரி’ என்னும் வேர்ச்சொல்லின் தொழிற்பெயரைக் கேட்டிருந்தார்கள். பிரிதல், பிரித்தல், பிரிவு, பிரிப்பு நான்குமே சரியாகத்தான் தோன்றுகின்றன. எங்கே வு வரும், எங்கே ப்பு வரும் என்பதற்கு ஏதேனும் வழி உண்டா?

உண்டு, அம்மா. வகுப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது இதற்குத்தான். ஏனெனில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் பெரிதும் குறையும். வினையை எதிர்கால வினைமுற்றாக்கிப் பாருங்கள். ‘நண்பனைப் பிரிவான்’ என்பதில் வகரம் வருகிறது. ‘பொட்டலத்தைப் பிரிப்பான்’ என்பதில் பகரம் இரட்டித்து வருகிறது. ஒரே வடிவில் உள்ள பகுதியாயினும் இவை இரண்டு வினைகள். வகரம் பெறும் வினைக்குப் பிரிதல், பிரிவு. பகரம் பெறும் வினைக்குப் பிரித்தல், பிரிப்பு. எனவே நான்கும் சரி என்பது உண்மைதான், ஆனால் அவை இரண்டு இணைகளாகச் சரி. பிரிதலோடு பிரிப்பை இணைத்துவிட்டால் பொருள் கெடும்.

இதே முறையில் ‘அழி’யைப் பாருங்கள். காடு தானாக அழியும்; இவ்வினை அழிவான் என்று வகரம் பெறும், அதனால் அழிதல், அழிவு. காட்டை ஒருவன் அழிப்பான், அதனால் அழித்தல், அழிப்பு. ‘காடழிவு’ என்று எழுதினால் நிகழ்ந்த கேடு மட்டும் தெரிகிறது. ‘காடழிப்பு’ என்று எழுதினால் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்பதும் தெரிகிறது. குறைவு, குறைப்பு, இணைவு, இணைப்பு ஆகியவையும் இவ்வாறே நடக்கும். ஆனால் இதைக் கொண்டு, ப்பு வந்தாலே பிறவினை என்று முடிவு செய்துவிடாதீர்கள். சிரிப்பு, பிறப்பு, இருப்பு ஆகியவற்றில் பிறவினை இல்லை. சிரிப்பான், பிறப்பான், இருப்பான் என்று அவ்வினைகள் இயல்பாகவே பகரம் பெறுவதால் ப்பு வந்திருக்கிறது, அவ்வளவே.

பகுபதமாகப் பிரிக்கச் சொன்னால் ‘படிப்பு’ என்பதைப் படி + ப் + பு என்று எழுதுங்கள். நடுவில் உள்ள பகர மெய் சந்தி. பு மட்டுமே தொழிற்பெயர் விகுதி. படித்தலும் அப்படியே: படி + த் + தல். ‘ப்பு’, ‘த்தல்’ என்று மொத்தமாக விகுதிக் கட்டத்தில் எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

மேற்கண்ட பதிலைப் படித்த ஓய்வுபெற்ற விரிவுரையாளர்: தங்கள் எதிர்கால விதி நன்று. ஆனால் துறப்பான் என்பதிலிருந்து துறவு வருகிறதே? நினைப்பான், அளப்பான் என்பவற்றுக்கும் நினைவு, அளவு உள்ளன. திருக்குறளில் ‘இரவு’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இரப்பான் என்பதன் தொழிற்பெயர் அது. இவற்றை எங்கே வைப்பீர்கள்?

ஐயா சொல்வது சரி. என் வழி விலக்கில்லாத விதி அன்று. நீங்கள் காட்டியவை எல்லாம் பகரம் பெறும் வினைகளாக இருந்தும் வகரத்தோடு பெயராகியிருக்கின்றன. நினைப்பு, அளப்பு, இரப்பு என்னும் வடிவங்களும் உடன் வாழ்கின்றன என்பதைக் கவனித்தால், ஒரு வினையிலிருந்து இரண்டு பெயர்கள் பிறந்து, பின்னர் தத்தம் பொருளை ஒதுக்கிக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘இழப்பு’ எதை இழந்தாலும் பொருந்தும். ‘இழவு’ பேச்சு வழக்கில் சாவு வீட்டுக்கே உரியதாகிவிட்டது. ஏன் சில வினைகள் மட்டும் இப்படி நடந்தன என்பதற்கு என்னிடம் நிறைவான விளக்கம் இல்லை. மாணவர்களுக்கு நான் சொல்வது, விதியை முதலில் பொருத்துங்கள், இந்தச் சில சொற்களைத் தனியே நினைவில் கொள்ளுங்கள் என்பதுதான்.

விதியால் இன்னொரு பயனும் உண்டு. எழுப்பு, நிரப்பு, அனுப்பு ஆகியவை ப்பு என்று முடிந்தாலும் தொழிற்பெயர்கள் அல்ல. எதிர்காலம் எழுப்புவான், நிரப்புவான், அனுப்புவான் என்று வருவதால் ப்பு பகுதிக்குள்ளேயே இருப்பது வெளிப்படுகிறது. எழுப்புதல் என்றால்தான் தொழிற்பெயர்.

ஒரு தாய்: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ‘நட’ என்பதற்குத் தொழிற்பெயராக ‘நடை’ என்று எழுதினாள். விடைக்குறிப்பில் ‘நடத்தல்’ என்று இருப்பதாகச் சொல்லி மதிப்பெண் தரவில்லை. அவள் அண்ணன் ‘நடத்துதல்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி?

உங்கள் மகள் எழுதியது சரி, அம்மா. நட என்னும் வினையோடு ஐ விகுதி சேர்ந்து நடை ஆனது. தல், அல் போலவே ஐயும் தொழிற்பெயர் விகுதிதான். விடைக்குறிப்பில் ஒரு வடிவம் மட்டும் அச்சிடப்பட்டிருப்பது மற்ற வடிவங்களைத் தவறாக்கிவிடாது. அமைதியாக ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்; குழந்தை தான் அறிந்ததைச் சந்தேகிக்கத் தொடங்குவதே எனக்கு வருத்தம் தருகிறது.

அண்ணன் சொன்னது வேறு வினை. நடத்து என்பது நட என்பதன் பிறவினை; கூட்டத்தை நடத்துவார்கள், சாலையில் நடப்பார்கள். வேர்ச்சொல் ‘நட’ என்று கொடுத்திருந்தால் நடத்துதல் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர்: ‘படித்தல்’, ‘படிப்பு’ இரண்டும் தொழிற்பெயர் என்றால், வாக்கியத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாமா? எனக்கு எப்போதும் ஏதோ உறுத்துகிறது.

உங்கள் காது சரியாகவே கேட்கிறது. ‘பாடத்தைப் படித்தல்’ என்கிறோம்; ‘பாடத்தைப் படிப்பு’ என்பதில்லை. ‘நன்றாகப் படித்தல்’ என்கிறோம். படிப்பு என்று வந்தால் ‘நல்ல படிப்பு’ ஆகிவிடுகிறது. தல் சேர்ந்த பெயர் இன்னும் வினையின் குணத்தை விடவில்லை: ஐ உருபு ஏற்ற செயப்படுபொருளையும், நன்றாக, விரைந்து போன்ற அடைகளையும் தன்னோடு வைத்துக்கொள்கிறது. ப்பு சேர்ந்தது முழுப் பெயராக நிலைத்துவிட்டது. கை இவற்றுக்கு நடுவில் நிற்கிறது என்பேன். ‘அமைச்சரின் வருகை’ என்பதில் அது முழுப் பெயர். ‘நான் ஊருக்கு வருகையில் மழை பிடித்தது’ என்பதில் ‘நான்’ எழுவாயாக நிற்கிறது, ஊருக்கு என்பதையும் வினையே ஈர்த்துக்கொள்கிறது.

இன்னும் ஒரு படி கடந்தால் செயலே மறைந்து பொருள் மட்டும் எஞ்சும். பொங்கல் என்பது பொங்குதலைக் குறித்தால் செயல்; ‘பொங்கல் உண்டான்’ என்றால் தொழிலாகுபெயர். வற்றல், சுண்டல், உட்காரும் இருக்கை எல்லாம் அப்படித்தான். ஆகவே தனிச்சொல்லாகக் கேட்டால் ஒரு விடையும் வாக்கியத்தில் கேட்டால் வேறொரு விடையும் வரலாம்.

கல்லூரி மாணவர்: கொல்லாமை, வாய்மை இரண்டுமே மை என்று முடிகின்றன, இரண்டுமே திருக்குறள் அதிகாரத் தலைப்புகள். இரண்டும் எதிர்மறைத் தொழிற்பெயர் என்று எழுதலாமா?

கொல்லாமை மட்டும். அதில் கொல் என்னும் வினையும் அதை மறுக்கும் ஆகாரமும் இருக்கின்றன. வாய்மையில் மறுக்கப்படும் வினை எதுவும் இல்லை, அது பண்புப்பெயர்.

நிறப்பெயர்களையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கறுப்பு, சிவப்பு என்பவை பாடநூல் வழக்கில் பண்புப்பெயர்கள். ஆனால் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். நிறத்தையும் அவை குறிக்கும் என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறது. கறுத்தல், சிவத்தல் என்னும் வினைகள் உள்ளே தெரிவதால், இவை எந்த வகை என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. தேர்வில் பாடநூலைப் பின்பற்றுங்கள்.

தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் மீண்டும்: கடைசியாக ஒன்று, ஐயா. தொழிற்பெயர் காலம் காட்டாது என்கிறார்கள். ‘அவர் வந்தமை மகிழ்ச்சி’, ‘அவர் வந்தது எனக்குத் தெரியும்’ என்பவற்றில் இறந்தகாலம் தெளிவாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. ‘வந்தது எனக்குத் தெரியும்’ என்பதில் வந்த ஒரு பொருளைச் சொல்லவில்லை, வருதல் என்னும் நிகழ்ச்சியைத்தான் சொல்கிறோம். ஆகவே அது தொழிற்பெயரின் வேலையைச் செய்கிறது. ‘மேய வந்தது திரும்பிப் போனது’ என்றால், வந்த மாட்டையோ ஆட்டையோ குறிப்பதால் அது வினையாலணையும் பெயர். காலம் காட்டும் தொழிற்பெயர் என்று ஒரு வகையை ஏற்பவர்களும் உண்டு, பாடநூல் வரையறையை இறுகப் பிடிப்பவர்களும் உண்டு. நான் முதல் அணியில் இருக்கிறேன். விரிவுரையாளர் ஐயா எந்த அணி என்று அறிய ஆவலாக உள்ளேன்.