வயிற்றுவலி இல்லாத கார்த்திகைக் கதை

அன்புள்ள அம்மா, வணக்கம். பாளையங்கோட்டைக்கு அருகே எங்கள் ஊர்க் கோயிலில் ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் சமய வகுப்பு எடுக்கிறேன். ஓலைக் கொழுக்கட்டையை ஒளித்துவைத்துத் தனியே தின்ற சிறுவனுக்குச் சாமி வயிற்றுவலியைக் கொடுத்ததாகத் திருக்கார்த்திகைக்கு ஒரு கதை எழுதிச் சொன்னேன். மறுவாரம் ஆறு வயதுப் பையன் ஒருவன் பிஸ்கட் பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, "எனக்கும் வயிறு வலிக்குமா, டீச்சர்?" என்று அழுதான். கதையை எப்படித் திருத்துவது?

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பையன் உங்கள் கதையைச் சரியாகவே புரிந்துகொண்டான். அதில் அவன் கண்டது தண்டனை மட்டுமே. கொடுப்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கதை காட்டவில்லை. 2014-இல் வெளியான, கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், பொய் சொன்னவன் தண்டனை பெறும் கதைகள் பிள்ளைகளை உண்மை பேசவைக்கவில்லை. உண்மை சொன்னவன் பாராட்டுப் பெறும் கதையே பயன் தந்தது. அது பொய்யைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், பகிர்தலுக்கும் இதே வழி பொருந்தும் என்பது என் கருத்து. அந்தப் பையனைப் பேராசைக்காரன் என்றும் எண்ணிவிடாதீர்கள். சமமாகப் பங்கிட வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிந்த சிறு பிள்ளைகளும் கையில் உள்ளதைப் பிரிக்கும்போது தமக்கே அதிகம் வைத்துக்கொள்வார்கள். ஏழெட்டு வயதில்தான் சொல்லும் செயலும் நெருங்கிவரும்.

கதையை இப்படி மாற்றிப் பாருங்கள். கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் சேர்த்த மாவைப் பனங்குருத்தோலையில் பொதிந்து அவித்த ஆச்சி, வேலுவிடம் ஐந்து கொழுக்கட்டைகளைக் கொடுத்து, "இது உன் பங்கு" என்று மட்டும் சொல்கிறாள். பக்கத்து வீட்டில் துக்கம் நடந்ததால் அங்கே இந்த ஆண்டு விளக்கும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை. வேலு முதலில் இரண்டைத் தின்கிறான். பிறகு, இருப்பதிலேயே சிறியதை எடுத்துப் போய் அந்த வீட்டுப் பையன் முருகனிடம் கொடுக்கிறான். முருகன் ஓலையைப் பிரித்து முகர்ந்து, "எங்க அம்மா செய்யிற மாதிரியே மணக்குதுலே" என்கிறான். வேலு ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு ஓடிப்போய் மீதி இரண்டையும் கொண்டுவருகிறான். இருவரும் படிக்கட்டில் அமர்ந்து ஆளுக்கொன்றாகத் தின்கிறார்கள்.

முதலில் சிறியதை எடுத்த இடத்தை நீக்கிவிடாதீர்கள். அங்கேதான் பிள்ளைகள் தங்களை அடையாளம் காண்பார்கள். வேலுவை அணிலாகவோ குரங்காகவோ மாற்றவும் வேண்டாம். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், பகிர்தலைச் சொல்லும் ஒரே கதையை விலங்குகளைக் கொண்டு கேட்டவர்களைவிட மனிதர்களைக் கொண்டு கேட்டவர்களே கூடுதலாகப் பகிர்ந்தார்கள்.

கதை முடிந்ததும் ஆளுக்கு நான்கு கடலைமிட்டாய் கொடுங்கள். பங்கிடச் சொல்லாதீர்கள், கொடுத்தவனை எல்லோர் முன்னும் புகழவும் வேண்டாம். மிட்டாயை நீட்டும்போது பிள்ளையின் கண் உங்களைத் தேடினால் அவன் உங்களுக்காகக் கொடுக்கிறான். வாங்கும் தோழனின் முகத்தைப் பார்த்தால் கதை சேர்ந்துவிட்டது. அந்த ஆறு வயதுப் பையன் நான்கையும் தானே தின்றாலும் அன்று விட்டுவிடுங்கள். ஆனால் அதற்கு முன்பே அவனைத் தனியே அழைத்து, வயிற்றுவலி நீங்கள் கதைக்காகச் சேர்த்தது என்றும், சாமி அவனுக்கு அப்படிச் செய்யமாட்டார் என்றும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.