முன்வரிசை அகழி ஏன் பல் பல்லாக மடங்குகிறது?

"முதல் உலகப் போரில், பிரான்சின் 1916 சோம் போர்முனையை மாடல் செய்கிறேன். முன்வரிசை பல் பல்லாக மடங்குகிறது, பின்னால் போகும் தொடர்பு அகழி பாம்பாக நெளிகிறது. இரண்டையும் ஒரே மாதிரி வெட்டலாமா?"

வேண்டாம். முன்வரிசையில் வீரர்கள் நின்று சுட நேரான துண்டு வேண்டும். பிரிட்டிஷ் அகழியில் சுமார் 30 அடி. அடுத்த துண்டுக்கு முன் பத்தடி போல வெட்டாமல் விட்ட மண்திட்டு. ஒரு துண்டில் குண்டு விழுந்தால் சிதறலை அது தடுக்கும். தொடர்பு அகழியில் ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டும், அதனால் வளைவே வசதி.

மாடலில் அகழிக்குள் நிற்கும் வீரனின் கண்மட்டத்திலிருந்து பாருங்கள். பக்கத்துத் துண்டு தெரிந்தால் திட்டு போதாது.

ஜெர்மன் பக்கம் என்றால் பதுங்கறையை 20, 30 அடி ஆழத்தில், இரண்டு வாசலோடு வையுங்கள். சோமின் சுண்ணப்பாறை அதற்கு இடம் கொடுத்தது. பெல்ஜியம் பக்கம் தண்ணீர் ஊறும் ஃபிளாண்டர்ஸுக்கு இது பொருந்தாது.