மூன்று சீட்டும் ஒரே வாக்கியம்

கேள்வி: இப்போதைய வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகலாமா என்று மூன்று டாரோ சீட்டு எடுத்தேன். பென்டக்கிள்ஸ் எட்டு, டெத், ஸ்வோர்ட்ஸ் ஆறு என்று வரிசையாக வந்தன. போகும் வழியில் யாரோ இறந்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. இன்னும் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சீட்டு. எதை நம்புவது?

பதில்: முதல் தடவை எடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் பயத்தில் எடுத்தவை. 78 சீட்டில் மூன்றை எடுத்தால், அதில் டெத் இருப்பதற்கு 26-ல் ஒரு வாய்ப்பு. எனவே அது வந்ததிலும் அதிசயம் இல்லை, அடுத்த தடவை வராமல் போனதிலும் இல்லை. சீட்டுகள் நாளைக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை. உங்கள் கேள்வியை வேறு கோணத்தில் திருப்பிக் காட்டத்தான் அவை உதவும். யார் சாவார் என்பது டாரோவிடம் கேட்கக்கூடாத கேள்வி. அந்தப் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

நீங்கள் தடுக்கி விழுந்த இடம் எது என்று எனக்குத் தெரிகிறது. மூன்று சீட்டையும் தனித்தனியாகப் பெயர் பார்த்துப் படித்திருக்கிறீர்கள். டெத் என்றால் சாவு, ஸ்வோர்ட்ஸ் என்றால் வெட்டு, அந்தச் சீட்டிலுள்ள படகு என்றால் பயணம், ஆக பயணத்தில் சாவு. இது படிப்பதல்ல, கூட்டல் கணக்கு. கட்டு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு வராது.

டாரோ முதலில் குறி சொல்ல வந்ததே அல்ல. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடிய சீட்டாட்டம் அது. அதில் நான்கு இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் ஏஸ் முதல் பத்து வரை எண் சீட்டுகள், அவற்றோடு நான்கு அரண்மனை ஆட்கள். நாம் ஆடும் கட்டில் ராஜா, ராணி, ஜாக்கி மூவர்தான். டாரோவில் கூடுதலாக ஒரு குதிரை வீரனும் உண்டு. அதனால்தான் 52 இங்கே 56 ஆகிறது. இந்த 56-தான் இன்று மைனர் அர்கானா. இவற்றை வெட்டுவதற்கென்றே தனியாக ஒரு துருப்பு வரிசை இருந்தது. அதுவும், எந்த இனத்திலும் சேராத ஃபூல் என்ற கோமாளியும் சேர்ந்த 22-தான் மேஜர் அர்கானா.

துருப்பு என்ற இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேஜர் சீட்டு கேள்வியின் அடியில் கிடக்கும் பெரிய திருப்பத்தைக் காட்டும். மைனர் சீட்டுகள் அது அன்றாடத்தில் எந்த மூலையில் நடக்கிறது என்று காட்டும். வாண்ட்ஸ் என்ற கோல்கள் முயற்சியையும் வேகத்தையும் குறிக்கும். கப்ஸ் என்ற கோப்பைகள் மனசையும் உறவையும் குறிக்கும். ஸ்வோர்ட்ஸ் வாள்கள்தான், ஆனால் அவை வெட்டுவது எண்ணத்தாலும் பேச்சாலும். பென்டக்கிள்ஸ் என்ற காசுகள் வேலை, பணம், உடம்பு.

மேஜர் வரிசையில் இன்னொன்றையும் கவனியுங்கள். அது 0-வில் தொடங்கி 21-ல், வேர்ல்டு என்ற சீட்டில் முடிகிறது. டெத்தின் எண் 13. அதற்குப் பிறகு இன்னும் எட்டுச் சீட்டுகள் இருக்கின்றன. அடுத்த 14-ஆம் சீட்டிலேயே ஒரு தேவதை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. டெத்தைக் கதையின் முடிவாக வைத்திருந்தால், வரிசையை அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்.

சரி, உங்கள் மூன்று சீட்டுக்கு வருவோம். பெரும்பாலோர் கையில் இருக்கும் கட்டு 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் கட்டுதான். படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். உங்களுடையதும் அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். எந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்து எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. இடங்களுக்கு முன்கூட்டியே பெயர் வைக்காமல் எடுத்தால், பயப்படுகிற மனசு தனக்கு வேண்டிய இடத்தில் சீட்டைப் பொருத்திக்கொள்ளும். வழக்கமான வரிசையை எடுத்துக்கொள்வோம்: நடந்தது, நடப்பது, நடக்கத் தோதானது.

முதல் இடத்தில் பென்டக்கிள்ஸ் எட்டு. ஒரு கைவினைஞர் பெஞ்சில் உட்கார்ந்து சுத்தியும் உளியுமாகக் காசு ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். செய்து முடித்தவை பக்கத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. ஊர் தூரத்தில் இருக்கிறது. பல வருடம் தலை நிமிராமல் உழைத்துத் தொழில் கற்ற காலம் இது. அந்தக் கைத்திறன் உங்களுடையது, வேலை போனாலும் அது போகாது.

நடுவில் டெத். உங்கள் மூன்றில் ஒரே துருப்பு இதுதான், எனவே மற்ற இரண்டையும் இதை வைத்துத்தான் படிக்க வேண்டும். வெள்ளைக் குதிரையில் கவசம் அணிந்த எலும்புக்கூடு. ராஜா கீழே விழுந்து கிடக்கிறார், மதகுரு எதிரில் நின்று கைகூப்புகிறார், ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழந்தை மட்டும் நேராகப் பார்க்கிறது. நான் எப்போதும் அந்தக் குழந்தையைத்தான் காட்டுவேன். முடிந்துபோனதை முடிந்தது என்று பார்க்க முடிகிறதா என்பதுதான் சீட்டின் கேள்வி. பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன், ஆற்றில் ஒரு சின்னப் படகு.

அந்தப் படகிலிருந்து மூன்றாவது சீட்டுக்குப் போங்கள். ஸ்வோர்ட்ஸ் ஆறில் ஒரு படகோட்டி, போர்த்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணையும் குழந்தையையும் அக்கரைக்குக் கூட்டிப்போகிறார். தண்ணீர் ஒரு பக்கம் அலையாகவும் மறுபக்கம் அமைதியாகவும் இருக்கிறது. வாள்கள் யாரையும் குத்தவில்லை, படகில் நட்டு நிற்கின்றன.

இப்போது மூன்றையும் சேர்த்துச் சொன்னால்: தொழிலை இங்கே நன்றாகக் கற்றேன், இந்த இடத்தில் அது முடிந்துகொண்டிருக்கிறது, இனி மெதுவாக அக்கரைக்குப் போகும் நேரம். இதில் சாவு எங்கே இருக்கிறது? அதே டெத் முதல் இடத்தில் வந்து பென்டக்கிள்ஸ் எட்டு நடுவில் வந்திருந்தால் அர்த்தம் மாறியிருக்கும்: முடிவு எப்போதோ வந்துவிட்டது, நீங்கள் இன்னும் சுத்தியை விடவில்லை. இடத்துக்குப் பெயர் வைப்பது இதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். மூன்று சீட்டில் ஒரு மேஜராவது வருவது பத்துக்கு ஆறு தடவைக்கு மேல் நடக்கும். எனவே ஒரு மேஜர் வந்ததை விதியின் முத்திரையாக எடுக்காதீர்கள். மூன்றும் மேஜராக வருவதுதான் அரிது, சுமார் ஐம்பதில் ஒரு தடவை.

அப்புறம் ‘போகலாமா’ என்ற கேள்வி. ஆம், இல்லை என்று சொல்ல மூன்று சீட்டுக்குத் தெரியாது. ‘போனால் எதைக் கூடவே எடுத்துப்போவேன்’ என்று கேட்டிருந்தால் ஸ்வோர்ட்ஸ் ஆறு உங்களோடு நன்றாகவே பேசியிருக்கும். அந்த ஆறு வாள்களும் படகோடு சேர்ந்துதான் போகின்றன. இந்த வேலையில் உங்களைக் குத்திய ஆறு பேச்சுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஊர் மாறினால் எது இங்கேயே தங்கும், எது உங்களோடு படகில் ஏறும் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறித்துவிட்டு, அதன்பின் ராஜினாமா தேதியைப் பற்றி யோசியுங்கள்.