வராத லாபத்தைச் செலவழித்த எட்டு மாதம்

கேள்வி: எட்டு மாதமாக வீட்டிலிருந்தே டீ-ஷர்ட், காபி மக், நோட்டுப் புத்தகம் டிசைன் செய்து விற்கிறேன். ஆர்டர் வந்த பிறகுதான் திருப்பூரில் அச்சிடுகிறார்கள், அதனால் வீட்டில் ஸ்டாக் எதுவும் இல்லை. இதுவரை 3,20,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். மாதம் 11,000 வீட்டுச் செலவுக்கு எடுக்கிறேன். ஆனாலும் நகைக்கடன் 1,20,000 ஆகிவிட்டது, எங்கே போகிறது என்றே தெரியவில்லை. சொந்தமாக மெஷின் வாங்கினால் லாபம் கூடும் என்று கொழுந்தன் சொல்கிறார். விலை 2,80,000. அம்மாவின் நகையையும் வைத்து வாங்கலாமா? கணக்கு நோட்டின் நகல் இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்)

பதில்: வேண்டாம், சகோதரி. அம்மாவின் நகை அம்மாவிடமே இருக்கட்டும். மெஷின் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் நோட்டு.

இரண்டு முறை படித்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் கோளாறு உடனே கண்ணில் பட்டது. விற்றது 3,20,000. அதில் இணையம் வழியாக முகம் தெரியாதவர்களுக்கு விற்றது 90,000. அது முழுவதும் வந்துவிட்டது, ஏனென்றால் அவர்களிடம் பணம் வாங்கிய பிறகுதான் நீங்கள் ஆர்டரே போடுகிறீர்கள். மீதி 2,30,000 ஊருக்குள் கொடுத்தது. சொந்தக்காரர் கல்யாணம், பக்கத்துத் தெரு விளையாட்டுக் குழு, கொழுந்தனின் நண்பர்கள். அதில் கைக்கு வந்தது 1,12,000. வர வேண்டியது 1,18,000.

இந்த 1,18,000-ஐயும் உங்கள் நகைக்கடன் 1,20,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பணம். எங்கே போகிறது என்று கேட்டீர்களே, சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் சட்டையாக மடித்து வைத்திருக்கிறது.

எப்படி இப்படி ஆனது? உங்கள் எழுத்துப்படி திருப்பூருக்குக் கட்டியது சுமார் 2,31,000. வீட்டுக்கு எடுத்தது எட்டு மாதத்தில் 88,000. ஆக வெளியே போனது 3,19,000, உள்ளே வந்தது 2,02,000. குறைந்த 1,17,000-ஐ ஒவ்வொரு தடவையும் ஒரு வளையல், ஒரு சங்கிலி என்று வைத்து நிரப்பியிருக்கிறீர்கள். லாபம் என்று நினைத்து நீங்கள் எடுத்த பணத்தில் பெரும்பகுதி இன்னும் வராத லாபம். வீட்டுச் செலவை நகைதான் நடத்தியிருக்கிறது.

பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஸ்டாக் இல்லை என்பது பாதி உண்மைதான். சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், சரி. ஆனால் அச்சிடுகிறவர் கடன் தரமாட்டார். அவர் கணக்கில் பணம் ஏற்றினால்தான் உங்கள் ஆர்டர் மெஷினுக்குப் போகும். நீங்கள் இன்றைக்கே கட்டுகிறீர்கள், வாங்கியவர் ஆறு மாதம் கழித்துக் கொடுக்கிறார். அந்த இடைவெளிக்குப் பணம் போடுவது நீங்கள். ஸ்டாக்குக்குப் போட வேண்டிய முதல், கடனாகப் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மளிகைக் கடையில் அரிசி தேங்கினால் வேறொருவருக்கு விற்கலாம். முதுகில் 'மாப்பிள்ளைத் தோழன்' என்று போட்டு, கீழே கல்யாணத் தேதியும் அச்சிட்ட சட்டையை யாருக்கு விற்பீர்கள்? பெயர் ஏறிய நொடியிலேயே அதன் மறுவிலை பூஜ்யம். கடன் கொடுக்கவே கூடாத சரக்கு என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

உங்கள் நோட்டிலிருந்தே ஒரு கல்யாண ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். 40 சட்டை, ஒன்று 350 என்று 14,000. சட்டையும் அச்சும் சேர்ந்து ஒன்றுக்கு 240, பார்சலுக்கு 600, ஆகச் செலவு 10,200. லாபம் 3,800 என்று பச்சை மையில் எழுதி வட்டம் போட்டிருக்கிறீர்கள். முன்பணம் வாங்கியது 3,000. சட்டை வந்ததும் மூன்று பேர் பெயரில் எழுத்துப்பிழை. பட்டியல் கொடுத்தது அவர்கள்தான், ஆனால் மறுபடி அச்சிட்ட 800 உங்கள் தலையில் விழுந்தது. கல்யாணம் முடிந்து ஒரு 3,000 கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஆக, போனது 11,000, வந்தது 6,000. நோட்டில் 3,800 லாபம், கையில் 5,000 நஷ்டம். இந்த 5,000-ஐ ஈடுகட்ட, சட்டைக்கு 110 ரூபாய் நிற்கும் உங்கள் இணைய விற்பனையில் 45 சட்டைக்கு மேல் விற்க வேண்டும். ஒரு மாமாவின் மௌனத்துக்கு விலை 45 சட்டை.

கோயம்புத்தூரில் யாரென்றே தெரியாத ஒருவரிடம் முழுப் பணமும் கேட்கிறீர்கள், அவரும் மறுபேச்சில்லாமல் அனுப்புகிறார். தெரிந்தவரிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை. உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு ஏறாத வீட்டில் போய்ப் பாக்கி கேட்க மனசு வராது. தடை முடிந்தால் மீன்பாடு சரியில்லை என்பார்கள், அதுவும் பல நேரம் உண்மையாகவே இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்காரரும் அதே படகில்தான் போகிறார். அவருக்கும் அதே 61 நாள்தான்.

இனி ஊர் ஆர்டருக்கு ஒரே விதி. மொத்த விலையில் முக்கால் பங்கு வந்த பிறகே திருப்பூருக்கு ஆர்டர். மீதிக் கால் பங்கு வந்த பிறகே பார்சல் கைமாற வேண்டும். முக்கால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 14,000-க்கு உங்கள் செலவு 10,200, அதாவது ஏறக்குறைய முக்கால். கடைசிக் கால் பங்கை ஒருவர் ஏமாற்றினாலும் போவது உங்கள் உழைப்புதான், நகை போகாது. "மாமா, முழுப் பணம் கட்டினாத்தான் அங்க அச்சுல ஏத்துவாங்க" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

பெயர், எண், அளவு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்குங்கள். டிசைனைப் படமாக அனுப்பி, 'சரி' என்று அவர்கள் பதில் போட்ட பிறகு அச்சுக்குக் கொடுங்கள். பெரிய ஆர்டர் என்றால் ஒரு சட்டை மட்டும் மாதிரிக்கு அச்சிட்டுப் பாருங்கள். போன் திரையில் பளபளக்கும் கடல் நீலம் துணியில் மங்கித்தான் விழும். திரை ஒளியால் காட்டும் நிறத்தை மை அப்படியே கொண்டுவர முடியாது. பாம்பன் பாலம் டிசைனில் உங்களுக்கு வந்த புகாரும் இதுதான்.

சொந்தத்தில் சிலரிடம் பணமே கேட்க முடியாது என்றால், கேட்காதீர்கள். ஆனால் கடன் என்றும் எழுதாதீர்கள், மொய் என்று எழுதுங்கள். கல்யாணத்துக்கு 500 மொய் வைப்பீர்கள் என்றால் அதற்குப் பதில் பெயர் போட்ட இரண்டு மக் கொடுத்துவிடுங்கள். கணக்கு அன்றைக்கே முடிந்தது.

இப்போது மெஷின். கொழுந்தன் சொல்வது டிடிஎஃப் பிரிண்டர். படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, சூட்டில் துணியில் ஒட்டுவது. எல்லாரும் இதையே வாங்கச் சொல்லும் காலம் இது. கணக்குப் போடுவோம். வெளியே கொடுத்தால் 240. சொந்தமாகச் செய்தால் வெறும் சட்டை 130, மை, படலம், தூள், கரன்ட் 50, ஆக 180 என்று வையுங்கள். ஒரு சட்டைக்கு மிச்சம் 60. மாதம் சுமார் 70 சட்டை விற்கிறீர்கள், அதனால் மிச்சம் 4,200. 2,80,000 நகைக்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே 2,800 போய்விடும். மாதம் 1,400 மிஞ்சும். மெஷின் விலையை அதில் எடுக்க 200 மாதம், பதினாறு வருஷத்துக்கு மேல்.

அதுவும் மெஷின் ஒழுங்காக ஓடினால். கறுப்புச் சட்டையில் நிறம் எடுபட அடியில் வெள்ளை மை போட வேண்டும். அந்த வெள்ளை நிறமி கனமானது, அசையாமல் இருந்தால் அடியில் படிந்துவிடும். தினமும் கொஞ்சமாவது ஓட்டாவிட்டால் மை வரும் முனை அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுவது சின்னச் செலவில்லை. மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். பிரிண்டர் மேல் பிளாஸ்டிக் உறை, உறை மேல் காயவைத்த துணி. இரண்டு மாதம் ஆர்டர் குறைந்ததில் முனை அடைத்துப்போனது, தவணை மட்டும் நிற்கவில்லை. கடற்கரை ஈரக்காற்று வேறு. பசைத்தூள் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், துணியில் ஈரம் இருந்தால் அச்சு சரியாகப் பிடிக்காது. மாதம் 70 சட்டைக்கு இந்தத் தொல்லையெல்லாம் திருப்பூர்க்காரர் தலையிலேயே இருக்கட்டும்.

பாக்கி 1,18,000-க்கு வருவோம். பெயர் பெயராகப் பட்டியல் போட்டு, ஜூன் 14-க்குப் பிறகு படகுகள் போகத் தொடங்கியதும் ஒவ்வொருவரிடமும் மொத்தமாகக் கேட்காமல் வாரம் 300, 500 என்று கேளுங்கள். பாதி வந்தாலே நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவதை வீட்டுச் செலவில் கலக்காமல் அப்படியே நகைக்கடன் அசலில் கட்டுங்கள். மொத்தமாகச் சேர்த்துத்தான் மீட்க வேண்டும் என்பதில்லை, அசலில் ஒரு பகுதியையும் கட்டலாம், வட்டி அந்த அளவுக்குக் குறையும். தனித்தனியாக வைத்திருப்பதால் சின்ன அடகை முதலில் மீட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு 11,000 எடுப்பதையும் நிறுத்த வேண்டும். இணைய விற்பனையில் உண்மையாக நிற்பது மாதம் 3,400. பணம் கொடுத்து வாங்கும் ஊர்க்காரர்களிடம் 3,800 நிற்கும். ஆக 7,000 சொச்சம்தான் இந்தத் தொழிலின் இன்றைய வருமானம். அதில் 4,000 வீட்டுக்கு, 3,000 கடனுக்கு. கஷ்டம்தான், தெரியும். ஆனால் எட்டு மாதமாக நீங்கள் சம்பாதித்ததும் அந்த 7,000-தான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு பார்த்தேன்: கொழுந்தனின் கால்பந்துக் குழு, 60 சட்டை, முன்பணம் 2,000. இந்த ஆர்டரில் தொடங்குங்கள். மொத்தம் 21,000, முக்கால் பங்கு 15,750. தலைவன் ஒருவனிடம் அவ்வளவு இருக்காது, அவனிடம் கேட்கவும் வேண்டாம். பத்துச் சட்டைக்குக் குறைந்தால் அச்சிடமாட்டேன் என்று சொல்லும் தொழில் இல்லை இது. ஒரே ஒரு சட்டைகூட அச்சிடலாம், அதுதான் இதன் வசதி. குழுவில் 60 பையன்கள், ஆளுக்கு 350. பெயர், முதுகு எண், அளவு, பணம் நான்கையும் ஒவ்வொருவனும் நேராக உங்கள் போனுக்கு அனுப்பட்டும், ஞாயிறு இரவு எட்டு மணி வரை. திங்கட்கிழமை காலை 41 பேர் அனுப்பியிருந்தால் 41 சட்டைக்கு ஆர்டர் போடுங்கள்.