உப்பைத் தடுப்பது சவ்வு, தண்ணீரைத் தள்ளுவது அழுத்தம்: ஆர்.ஓ. ஃபில்டர் கேள்வி-பதில்

பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: அழுத்தம். அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

எங்கள் வீடு தென்னந்தோட்டத்துக்குள் இருக்கிறது, ஐயா. குழாய்க் கிணற்றுத் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து ஆர்.ஓ. ஃபில்டருக்கு விடுகிறோம். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா 1400 காட்டுகிறது. ஃபில்டர் புதுசு. ஆனால் தண்ணீர் எல்லாம் கழிவுக் குழாயில்தான் போகிறது. குழாயில் சொட்டுச் சொட்டாக வருவதும் உப்புக் கரிக்கிறது. சவ்வு மட்டமா?

சவ்வைக் குறை சொல்ல முடியாது. அதைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளும் பலம் உங்கள் மேல் தொட்டிக்கு இல்லை.

உப்புத் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்து நின்றால், நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் ஓடும். அது இயற்கை. அந்த ஓட்டத்தை நிறுத்தவே உப்புப் பக்கத்தில் ஓர் அழுத்தம் தேவை. அதுதான் சவ்வூடு அழுத்தம். அதைவிடக் கூடுதலாக அழுத்தினால்தான் தண்ணீர் எதிர்த்திசையில், உப்பை விட்டுவிட்டு வெளியே வரும். சமையலுப்பைப் போன்ற உப்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம் இருந்தால், இந்த அழுத்தம் ஏறக்குறைய 11 பிஎஸ்ஐ. உங்கள் 1400-க்கு 15 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். கடல் தண்ணீர் என்றால் 400 பிஎஸ்ஐயை நெருங்கும். வீட்டு ஃபில்டரில் கடல் தண்ணீரை ஊற்றிப் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் தொட்டி தரையிலிருந்து 15 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். ஓர் அடி உயரத்துக்கு 0.43 பிஎஸ்ஐ. ஆக 6.5 பிஎஸ்ஐதான் கிடைக்கிறது. 15 வேண்டிய இடத்தில் 6.5! தொட்டியை இன்னும் பத்தடி தூக்கினாலும் போதாது.

சரி, சொட்டுகிற தண்ணீர் ஏன் கரிக்கிறது? சவ்வைப் பலரும் மிக நுண்ணிய சல்லடை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேலே இருக்கும் பாலிஅமைடு படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புதான். தண்ணீர் அந்தப் படலத்துக்குள் கரைந்து மறுபக்கம் போகிறது. உப்பும் போகிறது, ஆனால் மிகமிகக் கொஞ்சமாக. தண்ணீர் எவ்வளவு போகும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. உப்பு எவ்வளவு போகும் என்பதை இரண்டு பக்கத்து உப்பளவின் வித்தியாசம் தீர்மானிக்கிறது. அழுத்தத்துக்கு அதில் வேலையில்லை.

இதைக் கணக்காகப் பாருங்கள். ஒரு சவ்வில் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் உப்பு கசிகிறது, 200 மில்லிலிட்டர் தண்ணீரும் வருகிறது என்றால் பேனா 5 காட்டும். அழுத்தம் குறைந்து தண்ணீர் 100 மில்லிலிட்டராகிவிட்டால், கசியும் உப்பு அதே 1 மில்லிகிராம்தான். பேனா 10 காட்டும். தண்ணீர் பாதியானால் கரிப்பு இரட்டிப்பு. உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறக்குறைய நின்றேவிட்டது, உப்பு மட்டும் தன் போக்கில் கசிந்துகொண்டிருக்கிறது.

வேண்டியது ஒரு பூஸ்டர் பம்ப். வீட்டு ஃபில்டருக்கென்று விற்கும் 24 வோல்ட் பம்ப் 80 பிஎஸ்ஐ அளவுக்குத் தரும். 15 போக 65 மிஞ்சும். சவ்வுக்குள் போகப் போகத் தண்ணீர் அடர்ந்து உப்பேறுவதால் அதிலும் கொஞ்சம் குறையும். அப்படியிருந்தும் பேனா 100-க்குக் கீழே இறங்க வேண்டும். கூடவே, தண்ணீர் இல்லாதபோது பம்ப்பை நிறுத்தும் குறையழுத்த சுவிட்ச், சேமிப்புத் தொட்டி நிரம்பியதும் நிறுத்தும் மிகையழுத்த சுவிட்ச் இரண்டையும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிணற்று மோட்டார் நின்ற ஒரு நாளில் பம்ப் காய்ந்து ஓடிக் கெட்டுவிடும்.

பம்ப் வாங்குமுன் ஒரு சோதனை. கிணற்றுத் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து, மூடாமல் ஓர் இரவு வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்தது காலையில் மஞ்சளித்து, அடியில் செந்தூள் படிந்தால், அது இரும்பு. இரும்பு சவ்வின் மேல் படிந்து சில வாரங்களிலேயே அடைத்துவிடும். முதலில் தண்ணீரைக் காற்றுப்படத் தெளித்து, மணல் வடிகட்டியில் விட்டு, இரும்பை இறக்குங்கள், சவ்வெல்லாம் பிறகு. இன்னொன்று: கிணற்றுத் தண்ணீரில் க்ளோரின் இல்லை. ஆர்.ஓ.வில் வந்தாலும் குடிக்கக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு கிருமியைத் தடுக்கும், ஆனால் ஒரு ரப்பர் வளையம் விலகினால் போதும், வடிகட்டாத தண்ணீர் அந்த வழியே போய்விடும்.

கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?

போகாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு பாத்திரத்திலேயே தங்கும். அதிக நேரம் கொதித்தால் கரிப்பு கூடும். படிகாரம் போட்டாலும் கலங்கல்தான் இறங்கும், உப்பு இறங்காது.

தாமான் வீடு, அரசாங்கக் குழாய்த் தண்ணீர். உள்ளே போவது 62. போன வருடம் வெளியே 3 காட்டியது, இப்போது 9. தொட்டி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் நிரம்புகிறது. சவ்வை மாற்ற வேண்டுமா?

9 என்பது குடிப்பதற்கு ஒரு குறையும் இல்லாத தண்ணீர். மலேசியக் குடிநீர்த் தரத்தில் கரைந்த திடப்பொருளின் உச்ச அளவு லிட்டருக்கு 1000 மில்லிகிராம். ஆனால் சவ்வின் நிலையைத் தெரிந்துகொள்ள வெளியே வருவதை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே போவதிலிருந்து வெளியே வருவதைக் கழித்து, உள்ளே போவதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். போன வருடம் 95 விழுக்காடு தடுத்தது, இப்போது 85. விழுந்திருக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் துப்பு. உப்பும் கூடி, தண்ணீரும் கூடியிருக்கிறது. அழுத்தக் குறைவோ அடைப்போ என்றால் தண்ணீர் குறைந்திருக்கும். ஆகவே எங்கோ வழி திறந்திருக்கிறது: ரப்பர் வளையம் விலகியிருக்கலாம், அல்லது க்ளோரின் சவ்வை அரித்திருக்கலாம்.

முதலில் அளந்து உறுதி செய்யுங்கள். சேமிப்புத் தொட்டியின் வால்வை மூடி, குடிநீர்க் குழாயைத் திறந்து கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளவுக் குவளையில் பிடியுங்கள். நாளுக்கு 75 கேலன் என்று குறித்த சவ்வு 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 25 பாகை வெப்பத்துக்கு நிமிடம் 200 மில்லிலிட்டர் தரும். நம் ஊர்த் தண்ணீர் அதைவிடச் சூடு என்பதால் சற்றுக் கூடுதலாக வருவது இயல்பு. அழுத்தம் கூடாமலே 300-ஐத் தொட்டால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து, மெயின் தண்ணீரை மூடிச் சவ்வை வெளியே இழுத்து, நடுக்குழாய் முனையில் இருக்கும் இரண்டு சிறு வளையங்களைப் பாருங்கள். முறுக்கியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள், சில ரிங்கிட்தான். பூசுவதற்கு சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள். வாசலின் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துவிடும்.

வளையம் நன்றாக இருந்தால் கார்பன் ஃபில்டரைச் சோதிக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்கும் க்ளோரின் சோதனைச் சொட்டு மருந்து போதும். கார்பனைத் தாண்டி வரும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டதும் நிறம் மாறினால், கார்பன் தீர்ந்துபோய் க்ளோரின் நேராகச் சவ்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1960 வாக்கில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் இருவரும் உருவாக்கிய சவ்வு செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. அது ஓரளவு க்ளோரினைத் தாங்கும். இன்றைய பாலிஅமைடு உப்பை அதைவிட நன்றாகத் தடுக்கும், குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும், ஆனால் க்ளோரினைத் தாங்காது. அரித்த சவ்வைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. ஆகவே கார்பனை முதலில் மாற்றுங்கள், பிறகு சவ்வு. கார்பனை விட்டுவிட்டுச் சவ்வை மட்டும் மாற்றினால் புதுச் சவ்வுக்கும் இதே கதிதான்.

தொட்டி இல்லாத மாடல் வைத்திருக்கிறோம். காலையில் முதல் கிளாஸ் 40 காட்டுகிறது, மூன்றாவது கிளாஸ் 6. ஏமாற்று மெஷினா?

இல்லை. இரவு முழுவதும் தண்ணீர் ஓடவில்லை. உப்பு மட்டும் வித்தியாசத்துக்கு ஏற்பக் கசிந்து நல்ல பக்கத்தில் சேர்ந்திருக்கிறது. முதல் பதிலில் சொன்ன அதே கணக்கு. முதல் கிளாஸைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டு அடுத்ததைக் குடியுங்கள். பேனா வைத்துப் பார்ப்பதும் பத்து நிமிடம் ஓடியபிறகுதான்.

தொட்டி நிரம்பிய பிறகும் கழிவுக் குழாயில் இரவெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. பம்ப் இல்லாத மாடல். எதை மாற்றுவது?

தொட்டி நிரம்பியபிறகு உள்வரும் வால்வை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழிவுக் குழாயைப் பாருங்கள். அப்போதும் ஓடினால், தொட்டித் தண்ணீர்தான் பின்னோக்கிச் சவ்வு வழியாக வெளியேறுகிறது: சவ்வுக் கூட்டின் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு போய்விட்டது. அதைச் சீக்கிரம் மாற்றுங்கள். பின்னோக்கிய அழுத்தம் படலத்தை உரித்துவிடும். ஓட்டம் நின்றுவிட்டால், தானாக மூடும் நான்கு வழி வால்வைச் சந்தேகியுங்கள்.

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் இரண்டு கம்பிகளைக் குழாய்த் தண்ணீரில் விட்டு மின்சாரம் கொடுத்தார். தண்ணீர் சாக்கடை போலப் பழுப்பாகிவிட்டது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. பேனாவில் எங்கள் தண்ணீர் 50. வாங்கலாமா?

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகிறது. கரைந்த உப்பு இருந்தால்தான் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் பாயவில்லை, இரும்பும் கரையவில்லை. அவருடைய கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

50 என்பது நல்ல மென்னீர். நீக்க வேண்டிய அளவுக்கு அதில் உப்பு இல்லை. க்ளோரின் வாடை, குழாய்த் துரு இவைதான் தொல்லை என்றால் வண்டல் ஃபில்டரும் கார்பன் ஃபில்டரும் போதும். கழிவுத் தண்ணீரும் கிடையாது. ஆர்.ஓ. வேண்டியது அந்தத் தென்னந்தோட்டத்து வீட்டுக்கு.