பிரியாணிக்கு வைக்கும் தயிர் வெங்காயம் நீர்த்துப் போகாமல் இருக்க

*"குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு வீட்டில் 25 பேருக்குப் பிரியாணி. தயிர் வெங்காயத்தைக் காலை பத்து மணிக்கே கலந்து, உப்பும் போட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டேன். ஒரு மணிக்குப் பரிமாறும்போது மேலே தண்ணீர் நிற்கிறது, இலையில் ஊற்றினால் பிரியாணிச் சோறே நனைந்து போகிறது. வெள்ளரிக்காய் போட்டாலும் இதே கதைதான். தயிர் கெட்டியாகத்தான் இருந்தது. எங்கே தப்பு?"*

தப்பு பத்து மணிக்கு உப்பு போட்டதில்தான் இருக்கிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், வெள்ளரிக்காயில் அதைவிட அதிகம். நறுக்கிய துண்டின் மேல் உப்பு பட்டதும் உள்ளே இருக்கும் நீர் வெளியே வர ஆரம்பித்துவிடும், மூன்று மணி நேரம் கிடைத்தால் வர வேண்டியது பெரும்பாலும் வந்துவிடும். பிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் மெதுவாகும், நிற்காது. நானும் சமையல் வேலைக்கு வந்த புதிதில் வாணியம்பாடியில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு இப்படித்தான் காலை ஒன்பது மணிக்கே கலந்து வைத்து, பந்திக்கு எடுக்கும்போது கரண்டியில் மோர் மாதிரி வந்ததைப் பார்த்துக் கண் கலங்கி நின்றேன்.

இன்னொரு தண்ணீரும் உண்டு, அது தயிருடையது. தயிர் என்பது பால் இறுகி, அந்த இறுக்கத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. கரண்டி விட்டு வேகமாக அடித்தால், அதைவிட மோசமாக மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால், அந்தப் பிடி உடைந்துவிடும், அப்புறம் கெட்டியாகவே ஆகாது. புளித்த தயிரில் பிடி ஏற்கெனவே தளர்ந்திருக்கும், சும்மா வைத்தாலே வெளிர் மஞ்சளாக நீர் மேலே நிற்கும். உங்கள் வீட்டில் எது அதிகம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கிண்ணத்தில் உப்பு பிசிறிய வெங்காயத்தைத் தனியாகவும், இன்னொரு கிண்ணத்தில் கலக்கிய தயிரைத் தனியாகவும் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். எந்தக் கிண்ணம் தண்ணீர் விட்டிருக்கிறதோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆம்பூர் பக்கம் பிரியாணியோடு கத்தரிக்காய் தொக்கும் தயிர் வெங்காயமும் வைப்பார்கள் இல்லையா, சில இடங்களில் அந்தத் தயிர் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். அது தப்பில்லை. தளர்வாக இருந்தாலும் ஒரே சீராக இருந்தால் சோற்றோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிவதுதான் சோற்றை நனைக்கும்.

சரி, உங்கள் அதே 25 பேர் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஞாயிறு ஒரு மணிச் சாப்பாடு. இரண்டரை லிட்டர் பால், முடிந்தால் 6 சதவீதக் கொழுப்புள்ள பால். பொங்கியதும் இறக்கிவிடாமல் சிறு தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் விடுங்கள், இந்தப் பத்து நிமிடம்தான் தயிருக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பலத்தைக் கொடுக்கிறது, பலர் இதைத் தவற விடுகிறார்கள். விரல் வைத்தால் இதமான சூடு இருக்கும்போது உறை ஊற்றி, அப்புறம் பாத்திரத்தை அசைக்க வேண்டாம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உறை ஊற்றினால் நம் ஊர் வெயிலுக்கு இரவு எட்டுக்குள் உறைந்திருக்கும், சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும்போது இன்னும் சீக்கிரமே. உறைந்ததும் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். இரவு முழுக்க வெளியே கிடந்தால் காலையில் புளிப்பும் தண்ணீரும்தான் மிச்சம்.

ஞாயிறு பத்து மணிக்குத் தயிரை ஒரு சுத்தமான மல் துணியில் கொட்டி, வடிதட்டின் மேல் முக்கால் மணி நேரம் விடுங்கள். பிழிய வேண்டாம், தானாக வடிவதே போதும். சுமார் அரை லிட்டர் வடியும், அதை ரசத்துக்கோ சப்பாத்தி மாவு பிசையவோ வைத்துக்கொள்ளலாம்.

வெங்காயம் ஒரு கிலோ. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், மழுங்கிய கத்தி வெங்காயத்தை நசுக்கித்தான் நறுக்கும், நசுங்கிய இடமெல்லாம் சாறு. காம்பிலிருந்து வேர் வரை நீளவாக்கில் நறுக்கினால் காரநெடியும் குறையும், நீரும் குறைவாக விடும். மூன்று டீஸ்பூன் தூள் உப்பைத் தலை தட்டி அளந்து பிசிறி, இருபது நிமிடம் வடிதட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஒவ்வொரு பிடியாக அழுத்திப் பிழியுங்கள். ஒரு டம்ளர் அளவுக்காவது தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரோடு உப்பும் பாதி போய்விடும் என்பதால் பயப்பட வேண்டாம், கழுவவும் வேண்டாம், கழுவினால் விரட்டிய தண்ணீரையே திரும்ப அழைத்து வருகிறீர்கள். இருபது நிமிடம் என்றால் இருபதுதான், ஒரு மணி நேரம் விட்டால் வெங்காயம் துவண்டு கடிக்கும் சுகம் போய்விடும். பிழிந்ததை மூடி, தயிரோடு சேர்க்காமல் தனியாக பிரிட்ஜில் வையுங்கள்.

கொத்தமல்லியைக் கழுவி ஈரத்தோடு நறுக்கிப் போடுகிறவர்கள் நிறைய. ஒரு கட்டு ஈரத் தழையே ஒரு கரண்டி தண்ணீர், துணியில் ஒற்றி எடுத்துவிட்டு நறுக்குங்கள்.

கலப்பது பன்னிரண்டே முக்காலுக்கு. வடித்த தயிரை அடிக்காமல் கரண்டியால் மெதுவாக நான்கு சுற்று கலக்கி, ரொம்பக் கெட்டியாகத் தெரிந்தால் காய்ச்சி ஆறின பால் கொஞ்சம் விடுங்கள், தண்ணீர் வேண்டாம். வெங்காயம், பச்சை மிளகாய், தழை சேர்த்து ருசி பார்த்த பிறகுதான் தயிருக்கான உப்பு. வெங்காயத்திலேயே பாதி உப்பு இருக்கிறது, ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலக்க வேண்டாம் என்பது முக்கியம். முதல் பந்திக்குப் பாதி, மீதித் தயிரும் வெங்காயமும் பிரிட்ஜில் தனித்தனியாக. பிழிந்த வெங்காயமும் தயிரில் கிடந்தால் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடத்தான் செய்யும், அதை முழுக்க நிறுத்த வழியில்லை. இந்த ஊர் வெயிலில் கலந்த பச்சடியை வெளியே நெடுநேரம் வைத்திருப்பதும் நல்லதல்ல.

வெள்ளரிக்காய்க்கும் இதே வழிதான், கூடுதலாக ஒரு வேலை. இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் விதையைக் கொழகொழப்போடு ஸ்பூனால் வழித்து எறிந்துவிடுங்கள், நாட்டு வெள்ளரி முற்றியிருந்தால் கட்டாயம். துருவ வேண்டாம், பொடியாக நறுக்குங்கள். அரைக்கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, இருபது நிமிடம், பிழிந்து சேர்க்க வேண்டியதுதான். தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்க்கும் வீட்டுப் பச்சடி என்றால் அதைத் தண்ணீர் விடாமல், ஒரு கரண்டித் தயிர் விட்டு அரையுங்கள், அந்த விழுதே பச்சடியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

இதையெல்லாம் மீறி ஒரு நாள் நீர்த்துவிட்டால் கலக்காதீர்கள். மேலே நிற்கும் நீரைக் கரண்டியால் மெதுவாக எடுத்துவிட்டு, அரை லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடியைத் தூவிக் கலந்து பத்து நிமிடம் விடுங்கள், இறுகும். வெள்ளரிப் பச்சடிக்கு அந்த ருசி பொருந்தும். பிரியாணிக்கு வைக்கும் தயிர் வெங்காயத்தில் கடலை வாசனை தனியாகத் தெரியும் என்பதால் அதற்கு நான் இதைப் போடமாட்டேன், வடித்த தயிர் கொஞ்சம் கைவசம் எடுத்து வைத்து அதைத்தான் சேர்ப்பேன்.