எண்ணெயில் கரையும் கச்சாயம்: கை பார்க்க வேண்டியது வெல்லத்தையும் தண்ணீரையும்

கேள்வி: எங்க அமுச்சி சாயங்காலமானா பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளைங்களுக்குக் கச்சாயம் சுட்டு வெப்பாங்க. அதே மாதிரி சுடலாம்னு அரை கிலோ பச்சரிசியை ராத்திரியே ஊற வெச்சு, அரை கிலோ வெல்லமும் ஒரு டம்ளர் தண்ணியும் சேர்த்து மிக்சில அரைச்சேனுங்க. எண்ணெயில ஊத்துனதும் பிரிஞ்சு கரைஞ்சு போச்சு. நின்ன ஒண்ணு ரெண்டும் எண்ணெயைக் குடிச்சிருச்சு. சோடா மாவு போடச் சொல்றாங்க, போடலாமுங்களா? மீதி மாவு ஃபிரிட்ஜில இருக்குதுங்க. – ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சோடா மாவு வேண்டாம். பிரிந்து போகிற மாவில் சோடாவைப் போட்டால் இன்னும் ஓட்டை விழும், இன்னும் எண்ணெய் குடிக்கும். அடுத்த முறைக்கான கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஃபிரிட்ஜில் இருப்பதைக் காப்பாற்றுவோம்.

மாவு முழுவதும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் 200 கிராம் பச்சரிசி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டியில்லாமல் கரையுங்கள். பாதிதான் மிச்சமென்றால் 100 கிராம் போதும். கூடவே மூன்று மேசைக்கரண்டி கோதுமை மாவு. அரிசி மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கோதுமை மாவு பிடிப்புக் கொடுக்கும். ஒரு மணி நேரம் வெளியில் வைத்து, குளிர்ச்சி விட்ட பிறகு ஒரே ஒரு கச்சாயம் ஊற்றிப் பாருங்கள். நின்றால் தொடருங்கள். அப்போதும் ஓரம் பிரிந்தால் எண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டாம், பணியாரச் சட்டியை எடுத்துவிடுங்கள். குழி இருப்பதால் தளர்ந்த மாவும் அதில் உருவம் கலையாமல் வேகும். ருசியில் பெரிய குறை இருக்காது.

இப்போது ஏன் கரைந்தது என்று பார்ப்போம். கச்சாயத்தைத் தாங்கிப் பிடிப்பது அரிசிதான். எண்ணெயின் சூட்டில் அரிசி மாவு வெந்து இறுகுவதற்குள் வெல்லம் இளகிவிடும். வெல்லம் அளவோடு இருந்தால் இறுகும் மாவுக்குள்ளேயே தங்கும். அளவு மீறினால் இளகிய வெல்லம் மாவையும் இழுத்துக்கொண்டு எண்ணெயில் ஓடும். அதிக இனிப்பு, மாவு வெந்து இறுகுவதையே தாமதப்படுத்தும் என்பது இன்னொரு சங்கடம். அரை கிலோ அரிசிக்கு அரை கிலோ வெல்லம் என்பது இந்த எல்லையைத் தாண்டிய அளவு. 350 கிராம் போதும்.

அரிசியை ஊற வைத்து வடித்தாலே அரை கிலோவுக்குக் கிட்டத்தட்ட 150 மில்லி தண்ணீர் அதற்குள் ஏறியிருக்கும். அதன்மேல் நீங்கள் ஊற்றிய டம்ளர் இன்னொரு 200 மில்லி. போதாக்குறைக்கு வெல்லம் கரைந்தால் அதுவும் திரவம்தான். அரைக்கும்போது மாவு கெட்டியாகத்தான் தெரியும். வெல்லம் முழுதாகக் கரைந்த பிறகுதான் அது நீர்த்துப்போவது கண்ணில் படும். மிக்சி சுற்றவில்லையே என்று நடுவில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அமுச்சி காலத்தில் கச்சாயம் சரியாக வந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் படியிலும் உருண்டையிலும் அளந்தாலும் கடைசியில் மாவைக் கையால் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ‘படி அரிசிக்கு இத்தனை உருண்டை’ என்ற கணக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் பயனில்லை. உருண்டையின் அளவு கடைக்குக் கடை மாறுகிறது. தராசில் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். அரை கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் மட்டும் ஊற வைத்து, வடிதட்டில் கால் மணி நேரம் நன்றாக வடிய விடுங்கள். 350 கிராம் வெல்லத்தைத் தட்டி, 50 மில்லி தண்ணீர் விட்டுச் சிறு தீயில் இளக்குங்கள். பாகு வைக்கக் கூடாது, கரைந்தால் போதும். சூடாக இருக்கும்போதே வடிகட்டினால் மண்ணும் கரும்புச் சக்கையும் நின்றுவிடும். பிறகு நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு ஊற்றினால் அரிசி அங்கங்கே வெந்து கட்டி கட்டியாகிவிடும். அரிசியை முதலில் தனியாகச் சுற்றி, பிறகு ஆறிய வெல்லக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு மைய அரையுங்கள். வேறு தண்ணீர் தேவையில்லை. வெல்லமே அரைக்கப் போதுமான ஈரத்தைக் கொடுக்கும். மிக்சி திணறினால் இரண்டு தடவையாகப் போடுங்கள், தண்ணீரைத் தொடாதீர்கள்.

ஏலக்காய், எள், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவு சேர்த்து இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். மாவு இட்லி மாவை விடச் சற்றே கெட்டியாக, கரண்டியிலிருந்து அறுபடாமல் மெதுவாக விழ வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று வாழைப்பழம் பிசைந்து போடுகிற வீடுகள் உண்டு. போடலாம். ஆனால் பழமும் ஈரமும் இனிப்பும்தான், அதனால் ஒரு பழத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு ஈடாக இன்னொரு கரண்டி கோதுமை மாவு சேர்த்துவிடுங்கள்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் பிரிகிறதென்றால் வெல்லத்தைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்தில் மூட்டையிலேயே கசிந்த வெல்லம், தொட்டால் கையில் ஒட்டும். அதில் ஈரம் கூடுதல். சர்க்கரைச் சத்தும் ஓரளவு உடைந்து போயிருக்கும். அப்படி உடைந்த வெல்லம் எண்ணெயில் சீக்கிரம் கருகும். கச்சாயம் வெளியே கறுத்து, உள்ளே வேகாமல், ஆறியதும் துவண்டு கிடக்கும். அதைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை, மஞ்சளாக மின்னும் வெல்லம். சித்தோட்டிலும் கவுந்தப்பாடியிலும் சந்தை கூடுகிற, பழநி பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச்சர்க்கரை கொடுக்கிற ஈரோட்டு மண்ணில் இருந்துகொண்டு நல்ல வெல்லத்துக்கு அலைய வேண்டியிருப்பது கொடுமைதான். நிறம் வெளுத்திருந்தால் இடைத்தரகர் கூடுதல் விலை கொடுக்கிறார், கறுத்திருந்தால் அடித்துக் கேட்கிறார். அதனால் வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு ரசாயனம் விழுகிறது. ஆலைச் சர்க்கரை மலிவாக இருக்கும் நாட்களில் அதுவும் கலக்கிறது. ‘ஆர்கானிக்’ என்று அட்டை ஒட்டி அதையே இரட்டை விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள்.

வீட்டில் ஹைட்ரோஸைக் கண்டுபிடிக்க நம்பகமான சோதனை எதுவும் இல்லை. ஒரு குறிப்பு மட்டும் உதவும். ஹைட்ரோஸின் வெளுப்பு நிலைக்காது. மஞ்சளாக வாங்கிய வெல்லத்தின் மேல்புறம் சில வாரங்களில் கறுத்து, உடைத்தால் உள்ளே வெளிறியே இருந்தால் அந்தக் கடையை மாற்றுங்கள். வாங்கும்போது தேன் நிறமோ அதைவிட ஆழ்ந்த பழுப்போ, உடைத்தால் உள்ளும் புறமும் ஒரே நிறமோ பாருங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்ததும் அடியில் வெண்மையாக லேசாகப் படிந்தால் உடனே சுண்ணாம்பு கலப்படம் என்று கூச்சல் போடுகிறார்கள். சுண்ணாம்பு வெல்லம் காய்ச்சுவதில் காலங்காலமாக உள்ள பொருள். கருப்பஞ்சாறு இயல்பிலேயே சற்றுப் புளிப்பானது. அந்தப் புளிப்பை முறிக்கத்தான் காய்ச்சும்போது சுண்ணாம்புத் தெளிவு விடுகிறார்கள். அது விடாமல் காய்ச்சினால் வெல்லம் இறுகாது, சீக்கிரம் கசியும். வெண்டைச் செடியைத் தட்டிப் போட்ட வழவழப்பான தண்ணீரும் அப்படித்தான். அது அழுக்கைத் திரட்டி நுரையோடு மேலே கொண்டுவரும், அதை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். இவையெல்லாம் வெல்லம் காய்ச்சுகிற நல்ல ஆலைக்காட்டின் வேலை. ஆகவே லேசான படிவு குற்றமல்ல. எலுமிச்சைச் சாறு விட்டதும் பொங்கி நுரைக்கிற அளவுக்கு வெள்ளைப் படிவு தடிமனாக இருந்தால்தான் சந்தேகம். இந்த வேறுபாடு தெரியாமல் நேர்மையாகக் காய்ச்சுகிற விவசாயியின் பழுப்பு வெல்லத்தை ஒதுக்கிவிட்டு, வெளுத்ததைப் பொறுக்கி எடுப்பது நாமேதான்.

சோதனைக்கு அனுப்பலாமே என்பீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 இன் 40 ஆவது பிரிவில் வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்க வழி இருக்கிறது. கோவையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் உண்டு. ஆனால் பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! சொன்ன பிறகு எந்தக் கடைக்காரர் அந்த மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்? அதிகாரியே மாதிரி எடுத்தாலும் ஆய்வறிக்கைக்குச் சட்டம் தரும் கெடு 14 நாள். அதற்குள் அந்த வெல்லம் விற்று, தின்று, செரித்தும் போயிருக்கும். அதன்பின் மாட்டுகிறவர் பெரும்பாலும் சில்லறைக் கடைக்காரர். கொப்பரையில் கொட்டச் சொன்ன ஆள் வேறெங்கோ இருப்பார். பரிசோதனையில் குறை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியாக எண்ணெய். கடலெண்ணெய் நல்லது. வடச்சட்டியில் இரண்டு அங்குல ஆழமாவது இருக்கட்டும். ஒரு துளி மாவை விட்டால் அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. அந்தச் சூட்டில் ஊற்றியதால்தான் உங்கள் கச்சாயம் எண்ணெய் குடித்திருக்கிறது. விட்டதும் கறுத்தால் சூடு அதிகம், வெல்லம் கருகும். பதமான சூட்டில் ஒரு குழிக்கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்றுங்கள், பரப்ப வேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. தானாக மேலே எழும்பும்வரை கரண்டியால் தொடாதீர்கள். எழும்பியதும் மேலே எண்ணெயை அள்ளி ஊற்றினால் உப்பும். ஒரே ஒரு முறை திருப்பி, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடித்து எடுங்கள். ஐந்தாறு சுட்ட பிறகு அடியில் கருகிக் கிடக்கும் துணுக்குகளைச் சல்லிக் கரண்டியால் அரித்துவிடுங்கள். விட்டால் அடுத்ததெல்லாம் கசக்கும்.